விட்டதைப் பிடிக்கப் போகும் கை

*நஷ்டத்துக்குப் பின் ஆத்திரத்தில் எடுக்கும் ஆப்ஷன் டிரேடை எப்படிக் கண்டுபிடிப்பது? பதினாறு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு அதைக் காட்டிக்கொடுக்கும்.*

மதியம் 1:02. நிஃப்டி கால் ஆப்ஷன் ஒன்று ஸ்டாப்லாஸ் அடித்து நஷ்டத்தில் வெளியேறுகிறது. 1:06-க்கு அதே ஸ்ட்ரைக்கில் அடுத்த ஆர்டர் போகிறது, இந்த முறை மூன்று மடங்கு அளவில். இடைப்பட்ட நான்கு நிமிடங்களில் சந்தை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. ஆர்டர் போட்டவரின் மனநிலை மட்டும் மாறியிருந்தது.

இதற்கு நம் ஊரில் பழைய பெயர் உண்டு. சீட்டாட்ட மேசையிலும் குதிரைப் பந்தயத்திலும் சொல்வார்களே, “விட்டதைப் பிடிக்கணும்” என்று, அதுதான். பங்குச் சந்தையில் இதை ரிவெஞ்ச் டிரேடிங் என்கிறார்கள். பணத்தைப் பறித்துக்கொண்ட சந்தையிடமிருந்து அதே நாளில், முடிந்தால் அதே ஸ்ட்ரைக்கில், திருப்பி வாங்கிவிட வேண்டும் என்ற வேகம்.

புதியவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று இதை ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் கருவூலப் பத்திர வாயிதா வணிகம் செய்த தொழில்முறை டிரேடர்களின் 1998-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஜோஷுவா கோவல், டைலர் ஷம்வே என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: காலையில் நஷ்டப்பட்டவர்கள், காலையில் லாபம் பார்த்தவர்களைவிட மதியத்துக்கு மேல் கூடுதல் ரிஸ்க் எடுத்தார்கள். நாள் முடிவதற்குள் கணக்கைச் சமன் செய்துவிடும் அவசரம் சொந்தப் பணம் போட்டுப் பழகிய கைகளையும் ஆட்டிவைத்திருக்கிறது.

நம் நாட்டு நிலவரம் செபியின் அறிக்கைகளில் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் பங்கு சார்ந்த ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நிகர நஷ்டம் அடைந்தார்கள். அதன் மொத்தத் தொகை ரூ.1,05,603 கோடி. இந்த நஷ்டம் முழுவதும் ஆத்திரத்தில் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தரகுக் கட்டணம், வரி, தவறான கணிப்பு, காலத்தோடு கரையும் பிரீமியம் என்று பல வழிகளில் பணம் போகிறது. ஆனால் உங்கள் சொந்தக் கணக்கில் எவ்வளவு பணம் ஆத்திரத்தில் போனது என்பதைக் கணக்கிட முடியும். அதற்குத் தேவை சரியாக வகுத்த ஒரு குறிப்பேடு.

பேரேடு மறைப்பது, குறிப்பேடு காட்டுவது

“எனக்குத்தான் புரோக்கர் செயலியிலேயே லாப நஷ்ட அறிக்கை வருகிறதே, தனியாக எதற்கு எழுத வேண்டும்?” என்று பலரும் கேட்பார்கள். பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதற்கான பதில் ஏற்கெனவே தெரியும். நடவடிக்கைகளை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அவற்றைப் பெயர்வாரியாகப் பிரித்துத் தொகுப்பது பேரேடு. புரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கை பேரேட்டைப் போன்றது. ஒரே ஒப்பந்தத்தில் ஒரே நாளில் எத்தனை முறை வாங்கி விற்றாலும் அதை ஒரே வரியாகச் சுருக்கிவிடும்.

ஒரு மாதிரி நாளை எடுத்துக்கொள்வோம். கணக்கைப் புரிந்துகொள்வதற்காக அமைத்துக்கொண்ட நாள்தான். ஆனால் ஆப்ஷன் டிரேடர்கள் பலருடைய கணக்கில் இதன் சாயல் தெரியும். அது ஒரு செவ்வாய்க்கிழமை, நிஃப்டி வார எக்ஸ்பைரி. நிஃப்டி 25,000-ஐ ஒட்டி ஆடுகிறது. ஒரு லாட் 65. நம் டிரேடர் வழக்கமாக இரண்டு லாட், அதாவது 130 எண்ணிக்கை, வாங்குபவர். 20 புள்ளி கீழே ஸ்டாப் வைப்பார். தப்பினால் ரூ.2,600 போகும் என்று தெரிந்தே இறங்குவார்.

அன்று மாலை அவருடைய அறிக்கையில் 25,000 கால் ஒரே வரியில் இருந்தது. வாங்கியது 650, சராசரி விலை ரூ.56. விற்றது 650, சராசரி விலை ரூ.38. நஷ்டம் ரூ.11,700. இதைப் பார்த்தால், சந்தை இறங்கும் என்று தெரியாமல் ஒரு கால் வாங்கி மாட்டிக்கொண்டார் என்று தோன்றும். அவருக்கும் மாலையில் அப்படித்தான் தோன்றியது. “இன்றைக்கு டைரக்ஷன் தப்பாகிவிட்டது” என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினார்.

உண்மையில் அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி முடிவுகள் கரைந்து கிடந்தன. காலையில் 104 ரூபாய்க்கு 130. நண்பகலுக்குப் பின் 62 ரூபாய்க்கு 130. மதியம் 38 ரூபாய்க்கு 390. முதல் இரண்டும் அவருடைய விதிப்படி எடுத்தவை. மூன்றாவதைத்தான் 1:06-க்குக் கை எடுத்தது. சராசரி விலை என்ற ஒற்றை எண் மூன்றையும் ஒரே நிறமாக்கிவிட்டது.

ரிவெஞ்ச் டிரேடைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மற்ற டிரேடுகளைப் போலத்தான் இருக்கும். அது தன்னைக் காட்டிக்கொள்வது முந்தைய டிரேடுக்கும் அதற்கும் நடுவில் உள்ள உறவில்தான். எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு கனம் கூட்டி, எவ்வளவு தூரம் தள்ளி எடுத்தீர்கள் என்பதுதான் தடயம். ஆகவே குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ள வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த வடிவமைப்பின் அடிப்படை அவ்வளவுதான்.

ஒரு வரி, ஒரு முடிவு

முதலில் ஒரு வரி என்பது எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆப்ஷனில் இது குழப்பமானது. ஒரு ஆர்டர் நான்கு துண்டாக நிறைவேறியிருந்தாலும் முடிவு ஒன்றுதான், ஆகவே ஒரே வரி. ஸ்ட்ராடில் விற்றால் காலும் புட்டும் சேர்ந்து ஒரே வரி. ஆனால் கையில் உள்ள ஆப்ஷன் விலை இறங்கும்போது அதையே மேலும் வாங்கி அவரேஜ் செய்தால் அது புதிய முடிவு. அதற்குப் புதிய வரி வேண்டும். ஸ்ட்ராடிலின் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தி அட்ஜஸ்ட் செய்தாலும் அப்படியே. அவரேஜ், அட்ஜஸ்ட்மென்ட் என்ற கௌரவமான பெயர்களில்தான் விட்டதைப் பிடிக்கும் வேகம் பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. பழைய வரியிலேயே அவற்றைச் சேர்த்து எழுதினால் பேரேட்டின் தவறை நாமே செய்தவர்களாவோம்.

அடுத்தது பத்திகள். கூகுள் ஷீட்ஸில் A முதல் P வரை பதினாறு பத்திகள் போதும். மூன்று கட்டுகளாக அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கட்டு, ஆர்டர் போடுவதற்கு முன் நிரப்புவது:

- A – நாள்
- B – நுழையும் நேரம்
- C – ஒப்பந்தம்
- D – எண்ணிக்கை
- E – நுழையும் பிரீமியம்
- F – ஸ்டாப்
- G – ஸ்ட்ரைக் நிஃப்டியிலிருந்து எத்தனை புள்ளி வெளியே இருக்கிறது
- H – காரணம், ஒரே வரியில்

இரண்டாம் கட்டு, வெளியேறிய பின் நிரப்புவது:

- I – வெளியேறிய நேரம்
- J – வெளியேறிய பிரீமியம்
- K – கட்டணங்கள் போக நிகர லாபம் அல்லது நஷ்டம்

மூன்றாம் கட்டு, ஷீட் தானாகக் கணக்கிடுவது:

- L – திட்டமிட்ட இழப்பு
- M – முந்தைய டிரேடின் முடிவு
- N – இடைவெளி, நிமிடங்களில்
- O – கனம், அதாவது வழக்கமான ரிஸ்க்கைப் போல எத்தனை மடங்கு
- P – கொடி

இவற்றில் L பத்திதான் ஆப்ஷனுக்கே உரியது, அதிகம் தவறாகப் போவதும் அதுதான். ரிஸ்க் கூடியதா என்று பார்க்கப் பலரும் லாட் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், அல்லது போட்ட பணத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுமே ஏமாற்றும். 120 ரூபாய் பிரீமியத்தில் ஒரு லாட் வாங்கினால் ரூ.7,800. 12 ரூபாய் பிரீமியத்தில் பத்து லாட் வாங்கினாலும் அதே ரூ.7,800. போட்ட பணம் சமம் என்பதால், “நான் அளவைக் கூட்டவே இல்லை” என்று மனம் சாதிக்கும். ஆனால் முதலாவதில் 20 புள்ளி ஸ்டாப் வைத்தால் இழப்பு ரூ.1,300-இல் நின்றுவிடும். இரண்டாவதில் எக்ஸ்பைரி நாள் மதியம் 12 ரூபாய் ஆப்ஷனுக்கு யாரும் ஸ்டாப் வைப்பதில்லை. வந்தால் வரட்டும், போனால் முழுதும் போகட்டும் என்று வாங்குவதுதான் அது. ஆக உண்மையான ரிஸ்க் ஆறு மடங்கு. நஷ்டப்பட்ட கை தூரத்து ஸ்ட்ரைக்கின் மலிவு விலையை நோக்கிப் போவது இதனால்தான். குறைந்த பணத்தில் முழு நஷ்டத்தையும் ஒரே வீச்சில் மீட்டுத்தரும் என்ற ஆசையை அந்த மலிவு கொடுக்கிறது.

ஆகவே L பத்தியில் வர வேண்டியது ஒரே கேள்விக்கான விடை: இந்த டிரேட் தப்பினால் எவ்வளவு போகும்? வாங்குபவர் ஸ்டாப் வைக்கவில்லை என்றால் F-இல் பூஜ்யம் போட வேண்டும். அப்போது முழு பிரீமியமும் ரிஸ்க் என்று ஷீட் காட்டும். ஆப்ஷன் விற்பவருக்கு ஸ்டாப் இல்லையென்றால் இழப்பு எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அந்த வரியைக் கணக்குப் பார்க்காமலே கொடி ஏற்றிவிடலாம்.

சூத்திரங்கள்

முதல் வரியில் தலைப்புகள், இரண்டாம் வரியில் முதல் டிரேட். அதன் L2-இல் மட்டும் கீழே உள்ள முதல் சூத்திரத்தை எண்ணை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் வரியில் L3, M3, N3, O3, P3 என்ற ஐந்து கட்டங்களிலும் முறையே இவை:

```
=ABS(E3-F3)*D3
=IF(A3=A2,K2,"")
=IF(A3=A2,(B3-I2)*1440,"")
=L3/MEDIAN(L$2:L2)
=IF(N(M3)<0,(N3<10)+(O3>=1.5)+(G3>=100)+(H3=""),0)
```

1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள். நேரங்களைக் கழித்தால் ஷீட் நாளின் பின்னமாக விடை தரும் என்பதால் அந்தப் பெருக்கல். கனத்துக்குச் சராசரியை எடுக்காமல் இடைநிலை மதிப்பை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு பெரிய ஆத்திர டிரேட் சராசரியை மேலே தூக்கிவிடும். பிறகு அடுத்த ஆத்திர டிரேட் சாதாரணமானது போலத் தெரியும். இடைநிலை மதிப்பு அப்படி எளிதில் அசையாது.

கடைசிச் சூத்திரம்தான் கொடி. முந்தைய டிரேட் நஷ்டமாக இருந்தால் மட்டும் அது நான்கு கேள்விகள் கேட்கும். பத்து நிமிடத்துக்குள் நுழைந்தீர்களா? வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ரிஸ்க் எடுத்தீர்களா? நூறு புள்ளியோ அதற்கு மேலோ வெளியே போனீர்களா? காரணக் கட்டம் காலியாக இருக்கிறதா? ஒவ்வொரு ஆமாம் பதிலுக்கும் ஒரு கொடி. ஒரு கொடி தற்செயலாக வரலாம். இரண்டும் அதற்கு மேலும் வந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கி நின்று பாருங்கள்.

பத்து, ஒன்றரை, நூறு என்பவை தொடங்குவதற்கான எண்கள். உங்கள் எண்கள் உங்கள் கணக்கிலிருந்தே வர வேண்டும். லாபத்துக்குப் பின் நீங்கள் அடுத்த டிரேடுக்கு வழக்கமாக எத்தனை நிமிடம் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் இடைநிலை மதிப்பு 40 நிமிடம் என்றால், நஷ்டத்துக்குப் பின் வரும் 10 நிமிட இடைவெளி கவனிக்க வேண்டியது. ஸ்கால்ப்பிங் செய்பவருக்கு லாபத்துக்குப் பின்னும் இடைவெளி மூன்று நிமிடம்தான் என்றால், அவருக்குப் பத்து என்ற எல்லை எல்லா வரியையும் சிவப்பாக்கிவிடும். லாபத்துக்குப் பின் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அதுதான் நஷ்டத்துக்குப் பின் உள்ள நடத்தையை அளக்கும் கோல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வரி வரியாக

இப்போது நம் டிரேடரின் நாளை இந்த வடிவத்தில் எழுதிப் பார்ப்போம். ஒவ்வொரு டிரேடுக்கும் கட்டணங்கள், வரிகளுக்காக ரூ.70 என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய வழக்கமான ரிஸ்க் ரூ.2,600 என்பது முந்தைய வாரங்களின் வரிகளிலிருந்து ஷீட்டுக்குத் தெரியும்.

| நுழைவு – வெளியேற்றம் | ஒப்பந்தம், எண்ணிக்கை | விலை | இடைவெளி | கனம் | நிகரம் | கொடி |
|---|---|---|---|---|---|---|
| 9:42 – 10:05 | 25,000 கால், 130 | 104 → 84 | – | 1 | –2,670 | 0 |
| 11:20 – 11:48 | 24,950 புட், 130 | 80 → 98 | 75 | 1 | +2,270 | 0 |
| 12:35 – 1:02 | 25,000 கால், 130 | 62 → 40 | 47 | 1 | –2,930 | 0 |
| 1:06 – 1:31 | 25,000 கால், 390 | 38 → 22 | 4 | 5.7 | –6,310 | 3 |
| 1:34 – 3:20 | 25,100 கால், 1,300 | 8 → 0.50 | 3 | 4 | –9,820 | 4 |

முதல் வரியில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது: முதல் 15 நிமிட உச்சத்தை நிஃப்டி உடைத்தது. தப்பியது, ஸ்டாப் அடித்தது, ரூ.2,670 போனது. நஷ்டம்தான், ஆனால் சுத்தமான டிரேட்.

இரண்டாவது வரி கவனிக்க வேண்டியது. அதுவும் நஷ்டத்துக்குப் பின் எடுத்த டிரேட்தான். திசைகூட மாறியிருக்கிறது, காலில் நஷ்டப்பட்டவர் புட் வாங்கியிருக்கிறார். ஆனால் 75 நிமிடம் காத்திருக்கிறார், அளவு மாறவில்லை, காரணம் இருக்கிறது. கொடி பூஜ்யம். நஷ்டத்துக்குப் பின் எடுத்த எல்லாவற்றையும் குற்றவாளியாக்காமல் இருப்பது இந்த வடிவத்தின் பலம். “நஷ்டப்பட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்து” என்ற பொது அறிவுரை இந்த ரூ.2,270 லாபத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போயிருக்கும்.

மூன்றாவது வரி விதிப்படி எடுத்தது, ஸ்டாப்பும் 42-இல் இருந்தது. வேகமாக இறங்கியதில் 40-க்குத்தான் விற்க முடிந்தது. இந்த இடம் வரை அன்றைய நஷ்டம் ரூ.3,330. அவரால் தாங்க முடிந்த தொகைதான்.

நான்காவது வரியில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. இடைவெளி நான்கு நிமிடம். எண்ணிக்கை மூன்று மடங்கு. ஆனால் கனம் என்ற பத்தி 5.7 மடங்கு என்கிறது. ஏனென்றால் ஸ்டாப் இல்லை, 38 ரூபாய் முழுவதும் ரிஸ்க், அது ரூ.14,820. லாட்டை மட்டும் எண்ணியிருந்தால் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும். காரணக் கட்டம் காலி. கொடி மூன்று.

ஐந்தாவது வரி இந்த நோயின் முற்றிய நிலை. நிஃப்டி அப்போது 24,940-இல் இருக்கிறது. 160 புள்ளி வெளியே உள்ள 25,100 காலை 8 ரூபாய்க்கு இருபது லாட் வாங்கியிருக்கிறார். அதற்குள் ரூ.9,640 நஷ்டம். அந்த ஆப்ஷன் 16 ரூபாய் ஆனாலே எல்லாம் திரும்பிவிடும் என்ற கணக்கு மனதில் ஓடியிருக்கும். நிஃப்டி மேலே போகும் என்பதற்கான காரணம் எதுவும் அவரிடம் இல்லை. எவ்வளவு மீட்க வேண்டும் என்ற தொகைதான் ஸ்ட்ரைக்கையும் லாட்டையும் தேர்ந்தெடுத்தது. கொடி நான்கு.

அன்றைய மொத்த நஷ்டம் ரூ.19,460. அதில் கொடி ஏறிய இரண்டு வரிகளின் பங்கு ரூ.16,130. நூற்றுக்கு 83 ரூபாய். “டைரக்ஷன் தப்பாகிவிட்டது” என்ற அவருடைய விளக்கம் மீதி 17 ரூபாய்க்குத்தான் பொருந்தும்.

குறிப்பேடு ஏமாறும் இடங்கள்

முதல் ஓட்டை காரணக் கட்டம். மாலையில் உட்கார்ந்து எழுதினால் எந்த டிரேடுக்கும் நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆகவே ஆர்டர் போடும் முன் H-ஐ நிரப்புங்கள். அதே கணத்தில் B-இல் `Ctrl+Shift+;` அழுத்தினால் அப்போதைய நேரம் பதிவாகும். புரோக்கரின் டிரேட் புக்கில் உள்ள நேரத்தோடு வாரம் ஒருமுறை அதை ஒப்பிடுங்கள். குறிப்பேட்டின் நேரம் பின்னால் இருந்தால் அந்த வரியில் முதலில் வந்தது ஆர்டர், பிறகு வந்தது காரணம். H-ஐக் காலியாகவே பாவியுங்கள்.

இரண்டாவது, ஸ்டாப்பைத் தள்ளி வைப்பது. F-இல் முதலில் எழுதிய எண்ணை ஒருபோதும் திருத்தக் கூடாது. டிரேட் முடிந்த பின் K-இல் உள்ள நஷ்டத்தை L-உடன் ஒப்பிட்டால் போதும். கட்டணமும் சிறு விலைச் சறுக்கலும் போகக் கணிசமான வித்தியாசம் இருந்தால் ஸ்டாப் நகர்ந்திருக்கிறது. ரிவெஞ்ச் டிரேடுக்கு முந்தைய வரியில் இந்த அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். நஷ்டத்தை ஏற்க மறுத்த கைதான் அடுத்து அதை மீட்கவும் ஓடும்.

மூன்றாவது, இடைவெளி மைனஸில் வருவது. முந்தைய டிரேட் முடியும் முன்பே புதியதை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அவரேஜ் செய்த வரிகள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். அப்போது M கட்டத்தில் ஷீட் காட்டுவது பிற்பாடு வந்த முடிவு. நீங்கள் நுழைந்த கணத்தில் அது உங்களுக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கணத்தில் திரையில் ஓடிய நஷ்டத் தொகையை M-இல் கையால் எழுதிவிடுங்கள்.

நான்காவது, இரவைத் தாண்டும் ஆத்திரம். சூத்திரம் ஒரே நாளுக்குள்தான் பார்க்கிறது. நேற்றைய நஷ்டத்தோடு தூங்கி எழுந்து 9:16-க்கு அடிக்கும் ஆர்டர் அதன் கண்ணில் படாது. நாளின் முதல் வரியில் மட்டும் M-இல் நேற்றைய மொத்தத்தைக் கையால் எழுதினால், கனமும் தூரமும் காரணமும் தம் வேலையைச் செய்யும். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ உள்ள கணக்கில் எடுத்ததையும் இதே ஷீட்டில் நேர வரிசையில் எழுத வேண்டும். ஒரு கணக்கில் நாள் வரம்பு முடிந்ததும் இன்னொரு கணக்கைத் திறப்பது விட்டதைப் பிடிப்பதன் இன்னொரு கதவு.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் வரும். சிலருடைய முறையிலேயே மறுநுழைவு உண்டு. ஸ்டாப் அடித்த பின் விலை அதே மட்டத்தை மீண்டும் தாண்டினால் உடனே நுழைவது என்று முன்கூட்டி எழுதி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இடைவெளிக் கொடி ஒன்று ஏறும். ஆனால் அளவும் ஸ்டாப்பும் முதல் டிரேடைப் போலவே இருக்கும், காரணமும் முன்பே எழுதியிருக்கும். ஒற்றைக் கொடியோடு அது நின்றுவிடும். இரண்டு கொடி வேண்டும் என்று வைத்தது இதற்காகத்தான்.

மாத முடிவில் பார்க்க வேண்டிய ஓர் எண்

குறிப்பேடு எழுதும் பலர் பத்தாவது நாளில் நிறுத்திவிடக் காரணம், எழுதியதை என்ன செய்வது என்று தெரியாததுதான். இதில் மாதக் கடைசியில் ஒரே ஒரு கூட்டல் போதும்:

```
=SUMIF(P2:P200,">=2",K2:K200)
```

இரண்டோ அதற்கு மேலோ கொடி ஏறிய வரிகளின் நிகரத் தொகை இது. நஷ்டத்துக்குப் பின் கொடி ஏறாமல் எடுத்த டிரேடுகளின் நிகரத் தொகையை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் நஷ்டத்துக்குப் பின் நீங்களே எடுத்தவைதான். ஒன்றில் காத்திருந்தீர்கள், இன்னொன்றில் காத்திருக்கவில்லை. ஐந்தாறு வரிகளை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். நஷ்டத்துக்குப் பின் எடுத்த டிரேடுகள் குறைந்தது முப்பது சேரட்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் பழைய கணக்கைத் தோண்டலாம். புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் ஒவ்வொரு டிரேடின் நேரமும் இருக்கிறது. காரணத்தையும் ஸ்டாப்பையும் மீட்க முடியாது என்பதால் அந்த வரிகளில் காரணக் கேள்வியைச் சூத்திரத்திலிருந்து நீக்கிவிடுங்கள். எல்லா வரிக்கும் முழு பிரீமியத்தையே ரிஸ்க்காக வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கனம் தோராயமாகத்தான் வரும். ஆனாலும் இடைவெளி, எண்ணிக்கை, ஸ்ட்ரைக் மூன்றும் பெரும்பாலான கதையைச் சொல்லிவிடும்.

இந்தக் கூட்டலைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். லாபத்தில் முடிந்த சிவப்பு வரியின் கொடியை இறக்காதீர்கள். அந்த 25,100 கால் 3 மணிக்கு 16 ரூபாய் ஆகியிருந்தாலும் கொடி நான்குதான். கொடி நுழைந்த விதத்துக்கு ஏறுவது, முடிவு அதை மாற்றாது. சொல்லப்போனால் ஜெயித்த சிவப்பு வரிதான் அதிக ஆபத்தானது. மூன்று நிமிடத்தில் இருபது லாட் வாங்கினால் நஷ்டம் திரும்பிவிடும் என்று அது கைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அடுத்த முறை அந்தக் கை நாற்பது லாட்டுக்குப் போகும்.

சிவப்பு வரிகள் எங்கே குவிகின்றன என்று பார்த்தால் எதைப் பூட்ட வேண்டும் என்பதும் தெரியும். எல்லாமே பத்து நிமிடத்துக்குள் என்றால், நஷ்டத்துக்குப் பின் இருபது நிமிடம் திரையை விட்டு எழுந்துபோவது உங்களுக்கான விதி. எல்லாமே எக்ஸ்பைரி நாள் மதியம் என்றால், செவ்வாய்க்கிழமை இரண்டாவது நஷ்டத்தோடு கணக்கைப் பூட்டிவிடலாம். சில புரோக்கர் செயலிகளில் கில் ஸ்விட்ச் என்ற வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் சில மணி நேரத்துக்கு நீங்களே நினைத்தாலும் ஆப்ஷன் பக்கம் போக முடியாது.

நம் டிரேடரின் 1:06-க்குத் திரும்புவோம். முழு பிரீமியமும் ரிஸ்க், 390 எண்ணிக்கை, ரூ.14,820. இதை மாலையில் ஷீட் சிவப்பாக்கிக் காட்டியபோது பணம் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் ஆர்டர் போடும் முன் முதல் கட்டின் எட்டுக் கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்பது அவருடைய விதியாக இருந்திருந்தால், 1:06-க்கு F-இல் ஸ்டாப் எழுத வேண்டியிருக்கும். H-இல் காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்தக் கணத்தில் அவர் மனதில் இருந்த ஒரே காரணம், “விட்டதைப் பிடிக்கணும்.” அதைத் தன் கையால் அந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்த பிறகும் வாங்கும் பொத்தானை அழுத்துவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.